175 மாணவர்களும் ஒரு வளைவும்

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஸ்டோர்ஸ் என்ற ஊரில் அன்று ஒரு வேளாண்மைக் கல்லூரி இருந்தது. அந்தக் கல்லூரியின் 175 மாணவர்களை உயரம் பார்த்து நிறுத்தி எடுத்த புகைப்படம் ஒன்றை, தாவரவியலாளர் ஆல்பர்ட் பிளேக்ஸ்லீ 1914-இல் 'ஜர்னல் ஆஃப் ஹெரிடிட்டி' இதழில் வெளியிட்டார். ஒரே உயரமுள்ளவர்கள் ஒருவர் பின் ஒருவராக ஒரே வரிசையில் நிற்கிறார்கள். இடது ஓரத்தில் மிகக் குட்டையானவர், வலது ஓரத்தில் மிக நெட்டையானவர். ஒவ்வொரு அங்குலத்துக்கும் ஒரு வரிசை. ஓரங்களில் வரிசைக்கு ஓரிருவர்தான் இருக்கிறார்கள். நடுவில் வரிசைகள் நீண்டு கிடக்கின்றன. அத்தனை பேரும் சேர்ந்து, கவிழ்த்து வைத்த மணியின் உருவத்தைத் தரையில் வரைந்திருக்கிறார்கள்.

புள்ளியியல் பாடநூல்களில் இந்த மணி வடிவ வளைவைப் பார்த்திருப்போம். பெரும்பாலும் அது வழவழப்பான கோடாக, யாருடையது என்று தெரியாமல் நிற்கும். பிளேக்ஸ்லீயின் படத்தில் அந்தக் கோட்டின் ஒவ்வொரு புள்ளியும் ஓர் ஆள். அதனால் வளைவைப் பற்றிச் சொல்லப்படும் விதிகளை நாமே தலை எண்ணிச் சரிபார்க்கலாம்.

படத்தோடு வந்த எண்ணிக்கை இது. 4 அடி 10 அங்குலத்தில் ஒருவர். அதற்கடுத்த இரண்டு அங்குலங்களில் யாரும் இல்லை. 5 அடி 1 அங்குலத்தில் ஒருவர். அங்கிருந்து அங்குலம் அங்குலமாக 5, 7, 7, 22, 25, 26, 27, 17, 11, 17, 4, 4 பேர். கடைசியாக 6 அடி 2 அங்குலத்தில் ஒருவர். மிக நீண்ட வரிசை 5 அடி 8 அங்குலத்தில் நிற்கும் 27 பேருடையது.

ஒரு படத்திலிருந்து நமக்கு வேண்டியவை இரண்டே எண்கள்தான். மையம் எங்கே இருக்கிறது, வளைவு எவ்வளவு அகலமாகப் பரந்திருக்கிறது என்பவை அவை. மையத்தைக் கண்ணாலேயே சொல்லிவிடலாம். மணியின் உச்சி 5 அடி 7 அங்குலத்துக்கும் 8 அங்குலத்துக்கும் இடையில் எங்கோ இருக்கிறது. 175 பேரின் உயரங்களையும் கூட்டி வகுத்தால் 67.3 அங்குலம் வருகிறது, அதாவது 5 அடி 7 அங்குலத்துக்குச் சற்று மேல்.

அகலத்தைச் சொல்வதுதான் திட்ட விலக்கம். ஒவ்வொரு மாணவரும் சராசரியிலிருந்து எத்தனை அங்குலம் தள்ளி நிற்கிறார் என்று பார்த்து, அந்தத் தூரத்தை வர்க்கப்படுத்தி, எல்லாருடைய வர்க்கங்களுக்கும் சராசரி எடுத்து, அதற்கு வர்க்கமூலம் காண வேண்டும். இந்த 175 பேருக்கும் வர்க்கங்களின் சராசரி 7.27, வர்க்கமூலம் 2.7 அங்குலம்.

இவ்வளவு கணக்குப் போடாமல் படத்திலிருந்தே இதை மதிப்பிட ஒரு வழி உண்டு. எனக்கு மிகவும் பிடித்த வழி அது. மணி வளைவின் உச்சியிலிருந்து கீழே இறங்கிக்கொண்டே வாருங்கள். முதலில் கோடு கவிழ்ந்தபடி, இறங்க இறங்கச் செங்குத்தாகிக்கொண்டே போகும். ஓரிடத்தில் அந்தச் செங்குத்து தணியத் தொடங்கும். அங்கிருந்து கோடு மறுபக்கம் வளைந்து, மெல்லத் தரையைத் தொடப் போகும். வளைவு திசை மாறும் அந்தப் புள்ளி மையத்திலிருந்து சரியாக ஒரு திட்ட விலக்கம் தள்ளி இருக்கிறது. அங்கே வளைவின் உயரம் உச்சியில் ஏறத்தாழ 60 விழுக்காடு. பிளேக்ஸ்லீயின் படத்தில் உச்சி 27 பேர் என்றால் 60 விழுக்காடு என்பது சுமார் 16 பேர். இடப்பக்கம் 5 அடி 4 அங்குலத்தில் 7 பேரும் 5 அடி 5 அங்குலத்தில் 22 பேரும் இருப்பதால், 16 பேர் என்ற அளவு அந்த இரண்டு வரிசைகளுக்கும் நடுவே வருகிறது. வலப்பக்கம் அதே அளவு 5 அடி 9-க்கும் 10-க்கும் இடையில் வருகிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட தூரம் ஐந்து அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு, அதில் பாதி சுமார் இரண்டரை. முழுக் கணக்கு தந்த 2.7-க்கு இது போதுமான அளவு அருகில் இருக்கிறது.

இந்த இரண்டு எண்களும் கையில் கிடைத்தால் 68–95–99.7 விதியைப் பயன்படுத்தலாம். மணி வடிவத்தில் பரவியிருக்கும் எதிலும், சராசரிக்கு இருபுறமும் ஒரு திட்ட விலக்கத்துக்குள் நூற்றுக்கு 68 பேர் அடங்குவார்கள். இரண்டு திட்ட விலக்கத்துக்குள் 95 பேர். மூன்றுக்குள் ஏறக்குறைய எல்லாரும், 99.7 விழுக்காடு. நம் மாணவர்களுக்கு முதல் எல்லை 64.6 அங்குலத்திலிருந்து 70 அங்குலம் வரை, இரண்டாவது 61.9-லிருந்து 72.7 வரை, மூன்றாவது 59.2-லிருந்து 75.4 வரை.

இப்போது தலை எண்ணலாம். இரண்டாம் எல்லைக்குள் 168 பேர் நிற்கிறார்கள். அது 96 விழுக்காடு. மூன்றாம் எல்லைக்குள் 174 பேர், 99.4 விழுக்காடு. இரண்டும் விதியை ஒட்டியே வருகின்றன. ஆனால் முதல் எல்லைக்குள் 5 அடி 5-லிருந்து 5 அடி 10 வரை 128 பேர் இருக்கிறார்கள். அது 73 விழுக்காடு, விதி சொல்வதைவிட ஐந்து கூடுதல்.

விதி பிழைத்துவிட்டதா? இல்லை, இது அளவுகோலால் வந்த வேறுபாடு. 5 அடி 10 அங்குலம் என்று எழுதப்பட்டவர்கள் அத்தனை பேரும் அச்சாக 70 அங்குலம் இருக்க மாட்டார்கள். முழு அங்குலத்துக்குத் திருத்தி எழுதினார்கள் என்று கொண்டால், 69.5 முதல் 70.5 வரை உள்ளவர்கள் எல்லாம் அந்த ஒரே வரிசையில் நிற்பார்கள். நம் எல்லைக்கோடு 70-இல், அதாவது அந்த வரிசையின் நட்டநடுவில் விழுகிறது. அதனால் அந்த 11 பேரில் பாதிப் பேரைத்தான் உள்ளே சேர்க்க வேண்டும். 5 அடி 5 வரிசையிலும் பத்தில் ஒரு பங்கைக் கழிக்க வேண்டும். அப்படிச் செய்தால் கிடைப்பது 69 விழுக்காடு. எல்லைக்கோடு எந்த வரிசையின் மேல் விழுகிறதோ அந்த வரிசையை முழுதாகச் சேர்ப்பதா, பாதியாகச் சேர்ப்பதா என்ற கேள்வியை மறந்தால் நல்ல தரவுகூடத் தவறாகத் தெரியும்.

இனி நூற்றுமானம். நீட் தேர்வு வந்த பிறகு வீட்டுக்கு வீடு பேசப்படும் 'பெர்சன்டைல்' இதுதான். ஒரு கூட்டத்தில் ஒருவருக்குக் கீழே நூற்றுக்கு எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதை அது சொல்கிறது. மதிப்பெண் விழுக்காட்டோடு இதைக் குழப்பிக்கொள்வது சாதாரணமாக நடக்கிறது. 2023 நீட் இளநிலைத் தேர்வில் பொதுப்பிரிவுக்கான தகுதி எல்லை 50-ஆவது நூற்றுமானம். அந்த ஆண்டு அது 720-க்கு 137 மதிப்பெண்ணாக இருந்தது, அதாவது நூற்றுக்கு 19. எழுதியவர்களில் பாதிப் பேருக்கு மேலே இருக்கிறார் என்பது மட்டுமே அந்த 50-இன் பொருள். பாதி வினாக்களுக்கு விடை தெரியும் என்று அது சொல்லவில்லை.

உயரப் படத்திலிருந்து நூற்றுமானத்தைப் படிக்க ஒரே ஒரு கூடுதல் செய்தி போதும்: வளைவு இருபுறமும் சமம். 5 அடி 10 அங்குல மாணவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் சராசரிக்கு மேல் 2.7 அங்குலம், சரியாக ஒரு திட்ட விலக்கம் தள்ளி நிற்கிறார். வகுப்பில் இந்தக் கேள்வியைக் கேட்டால் பலர் எழுதும் விடை 68. ஒரு திட்ட விலக்கம் என்றதும் 68 நினைவுக்கு வந்துவிடுகிறது. ஆனால் அந்த 68 பேர் நடுவில் இருப்பவர்கள். இடப்பக்கம் 34, வலப்பக்கம் 34. நம் மாணவருக்குக் கீழே இடப்பாதி முழுவதும் இருக்கிறது, அது 50. அதோடு மையத்திலிருந்து அவர் வரை உள்ள 34. ஆக 84-ஆவது நூற்றுமானம். வேறு வழியிலும் பார்க்கலாம். நடுவில் 68 போனால் மிச்சம் 32. அது இரண்டு ஓரங்களுக்கும் 16, 16 என்று பிரியும். அவருக்கு மேலே இருப்பது 16 பேர்தான்.

படத்தில் எண்ணிச் சரிபார்ப்போம். 5 அடி 10-க்குக் கீழே 138 பேர். அதே வரிசையில் நிற்கும் 11 பேரில் பாதியைச் சேர்த்தால் 143.5. அதை 175-ஆல் வகுத்தால் 82. வளைவு சொன்னது 84.

இடது ஓரத்துக்கும் போய்ப் பார்க்கலாம். 5 அடி 2 அங்குல மாணவர் சராசரிக்குக் கீழே 5.3 அங்குலம், கிட்டத்தட்ட இரண்டு திட்ட விலக்கம். நடுவில் 95 போனால் மிச்சம் 5, அதில் கீழ்ப்பாதி 2.5. எண்ணினால் அவருக்குக் கீழே இருவர். அவர் வரிசையில் ஐந்து பேர், அதில் பாதி இரண்டரை. நான்கரையை 175-ஆல் வகுத்தால் 2.6 விழுக்காடு. நூறு ஆண்டுக்கு முந்தைய ஒரு கல்லூரித் திடலில் நின்றவர்கள் இவ்வளவு நெருக்கமாக ஒத்துவருவதைப் பார்க்க எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்பாகத்தான் இருக்கிறது.

முழுத் திட்ட விலக்கத்தில் விழாதவர்களுக்கு என்ன செய்வது? 5 அடி 9 அங்குலம் சராசரிக்கு மேல் 0.63 திட்ட விலக்கம். அவர் 50-க்கும் 84-க்கும் இடையில் இருக்கிறார் என்பதை விதி சொல்லிவிடும். 34-ஐ நேர்விகிதத்தில் பங்கிட்டால் 71 வரும். ஆனால் உண்மையான இடம் 74. மையத்துக்கு அருகில் வளைவு உயரமாக இருப்பதால் அங்கே ஆட்கள் நெருக்கமாக நிற்கிறார்கள். தூரத்தில் பாதி கடப்பதற்குள் ஆட்களில் பாதிக்கும் மேலானவர்களைக் கடந்துவிடுகிறோம். இதற்காகத்தான் பாடநூலின் பின்னால் இயல்நிலைப் பரவல் அட்டவணை இருக்கிறது. எண்ணிப் பார்த்தாலும் 74 விழுக்காடுதான் வருகிறது.

இந்த நெருக்கம் இன்னொன்றையும் விளக்குகிறது. 5 அடி 7-லிருந்து 5 அடி 8-க்கு ஓர் அங்குலம் கூடினால் ஒருவர் ஏறக்குறைய 26 பேரைத் தாண்டுகிறார், அதாவது 15 நூற்றுமானப் படிகள். அதே ஓர் அங்குலம் 6 அடியிலிருந்து 6 அடி 1-க்குக் கூடினால் நான்கு பேரைத்தான் தாண்டுகிறார், சுமார் இரண்டு படிகள். 50-லிருந்து 60-க்கு ஏறியதையும் 88-லிருந்து 98-க்கு ஏறியதையும் ஒரே அளவு முன்னேற்றம் என்று எண்ணுவது தவறு. இரண்டாவதற்கு வேண்டிய அங்குலங்கள் முதலாவதைப்போல மூன்று மடங்குக்கு மேல்.

விதி எங்கே தளர்கிறது என்பதும் அதே படத்தில் இருக்கிறது. இடது ஓரத்தில் தனியாக நிற்கும் 4 அடி 10 அங்குல இளைஞரைப் பாருங்கள். அவர் மையத்திலிருந்து 3.4 திட்ட விலக்கத்துக்கும் மேல் தள்ளி இருக்கிறார். வளைவின்படி அவ்வளவு தூரத்துக்கு அப்பால் கீழே இருக்க வேண்டியவர்கள் பத்தாயிரத்தில் சுமார் மூன்று பேர். 175 பேர் கொண்ட கூட்டத்தில் அப்படி ஒருவர் வருவதற்கான வாய்ப்பு இருபதில் ஒன்று. அது நடக்க முடியாதது இல்லை. ஆனாலும் மணியின் நடுவில் வளைவு தரும் எண்களை நம்புவதுபோல ஓரங்களில் நம்பக் கூடாது. உயரம் மணி வடிவம் எடுப்பதற்குக் காரணம், ஆயிரக்கணக்கான மரபணு வேறுபாடுகள் ஒவ்வொன்றும் மிகச் சிறிய அளவில் கூட்டியும் குறைத்தும் செயல்படுவது. 2022-இல் வெளியான, 54 லட்சம் பேரின் மரபணுத் தரவை வைத்துச் செய்த ஆய்வு அப்படிப்பட்ட 12,000-க்கும் மேற்பட்ட இடங்களைக் காட்டியது. ஒரே ஒரு பெரிய காரணம், ஒரு நோயோ அரிய மரபணு மாற்றமோ, ஒருவரை இழுத்துச் சென்றால் அவர் அந்தக் கூட்டல் கணக்குக்கு வெளியே போய்விடுகிறார். மணியின் ஓரங்களில் நிற்பவர்களில் அப்படிப்பட்டவர்கள் கலந்திருக்கலாம்.

இன்னொரு சிக்கல் கண்ணுக்கே தெரியாதது. அந்த வேளாண்மைக் கல்லூரி பிற்காலத்தில் கனெக்டிகட் பல்கலைக்கழகமானது. 1996-இல் அங்கே மரபியல் மாணவர்களை நிறுத்தி அதேபோல இன்னொரு படம் எடுத்தார்கள். இம்முறை பெண்களும் இருந்தார்கள். பெண்கள் வெள்ளை உடையில், ஆண்கள் நீல உடையில். வெள்ளை பெரும்பாலும் இடப்பக்கம், நீலம் பெரும்பாலும் வலப்பக்கம். இப்படி இரண்டு கூட்டங்களைக் கலந்தால் இரண்டு உச்சிகள் தெரியும் என்று பல பாடநூல்கள் எழுதின. 2002-இல் ஷில்லிங்கும் இரு வாட்கின்ஸ்களும் எழுதிய கட்டுரை அதை மறுத்தது. சம எண்ணிக்கையும் சம அகலமும் கொண்ட இரண்டு மணிகள் கலந்தால், மையங்களின் இடைவெளி இரண்டு திட்ட விலக்கத்தைத் தாண்டினால்தான் இரண்டு உச்சிகள் தெரியும். இருபதுகளில் உள்ள அமெரிக்க ஆண்களின் சராசரி 69.3 அங்குலம், பெண்களுக்கு 64.1, திட்ட விலக்கங்கள் 2.92, 2.75. இடைவெளி 5.2 அங்குலம்தான், இரண்டு திட்ட விலக்கத்துக்குக் குறைவு. ஆகவே கலந்த படத்திலும் ஒரே உச்சி, கொஞ்சம் தட்டையாக.

இந்த எண்களை வைத்து, ஆண்களும் பெண்களும் சரிபாதியாகக் கலந்த கூட்டத்துக்கு 68 விதியைக் கணக்கிட்டுப் பார்த்தேன். ஒரு திட்ட விலக்கத்துக்குள் 66 விழுக்காடு, இரண்டுக்குள் 96. விதி கிட்டத்தட்ட பொருந்திவிடுகிறது! படம் மணி போல இருப்பதாலும் விதி ஒத்துவருவதாலும் மட்டும் அது ஒரே கூட்டம் என்று ஆகிவிடாது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. 5 அடி 8 அங்குலம் உள்ள ஒருவரின் இடத்தைக் கேட்டால், பெண்களிடையே அது 92-ஆவது நூற்றுமானம், ஆண்களிடையே 33-ஆவது. கலந்த படத்தில் 63-க்கு அருகில் ஓர் எண் கிடைக்கும். அந்த எண் அவரைப் பற்றி உருப்படியாக எதுவும் சொல்லாது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஒரே படத்தில் போட்டாலும் இதே கதிதான். நூற்றுமானத்தைப் படிக்கும் முன், படத்தில் நிற்பவர்கள் யார் யார் என்று கேட்க வேண்டும்.

எல்லா அளவும் மணி போல் இருக்கும் என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அதே மாணவர்களின் எடையை எடுத்தால் வலப்பக்கம் வால் நீண்டுவிடும். சராசரியைவிட 30 கிலோ கூடுதலாக இருப்பவர் உண்டு, 30 கிலோ குறைவாக இருப்பவர் அனேகமாக இருக்க மாட்டார். சரிபார்க்க எளிய வழி, சராசரியிலிருந்து இரண்டு திட்ட விலக்கத்தைக் கழித்துப் பார்ப்பது. நடக்கவே முடியாத எண் வந்தால், மாத வருமானத்துக்கு அடிக்கடி வருவதுபோல மைனஸில் போனால், 68 விதியை அங்கே எடுக்கக் கூடாது.

உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட குழந்தை வளர்ச்சி அளவுகோல்கள் இந்த வேறுபாட்டைக் கணக்கில் எடுத்தவை. டெல்லி உட்பட ஆறு நாடுகளின் ஊர்களில், நல்ல சூழலில் வளர்ந்த குழந்தைகளை அளந்து அவற்றை உருவாக்கினார்கள். எடைக்கு வளைவின் சாய்வைத் திருத்த வேண்டியிருந்தது. வயதுக்கேற்ற உயரத்துக்கு மணி வளைவையே வைத்துக்கொண்டார்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையின் உயரம், அதே வயது, அதே பாலினக் குழந்தைகளின் மையத்திலிருந்து இரண்டு திட்ட விலக்கத்துக்கும் கீழே போனால் 'வயதுக்கேற்ற உயரமில்லை' என்று பதிவாகிறது.

நன்றாக வளரும் குழந்தைகளிலும் நூற்றுக்கு இரண்டு பேர் அந்தக் கோட்டுக்குக் கீழே இருப்பார்கள் என்பதை இதுவரை பார்த்த கணக்கே சொல்கிறது. ஆகவே ஒரு குழந்தை கோட்டுக்குக் கீழே இருந்தால், பெற்றோரின் உயரத்தையும் கடந்த மாதங்களில் அது வளர்ந்த வேகத்தையும் மருத்துவர் பார்ப்பார். குட்டையான பெற்றோருக்குப் பிறந்து, தன் கோட்டை ஒட்டிச் சீராக வளரும் பிள்ளையாக இருக்கலாம். ஆனால் 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தவர்கள் நூற்றுக்கு 25 பேர். இந்தியா முழுவதிலும் 35.5 பேர். எதிர்பார்க்கப்படும் இரண்டு எங்கே, இந்த 25 எங்கே! பெற்றோர் குட்டை என்று சொல்லி இதைத் தள்ளிவிட முடியாது. வளைவின் அகலம் மாறாமல் மொத்தமாக இடப்பக்கம் நகர்ந்தது என்று கொண்டால், கால்வாசிப் பேர் கோட்டுக்குக் கீழே விழுவதற்கு மையம் 1.3 திட்ட விலக்கம் நகர்ந்திருக்க வேண்டும். கணக்கெடுப்புகளில் வளைவு அதைவிட அகலமாக இருப்பதால் நகர்வு சற்றுக் குறைவாக, ஒரு திட்ட விலக்கத்தை ஒட்டி இருக்கலாம். ஒரு திட்ட விலக்கம் என்றாலும், நம் வளைவின் உச்சியில் நிற்கும் சராசரிக் குழந்தை அந்த உலக அளவுகோலில் 16-ஆவது நூற்றுமானத்தில் இருக்கிறது. அப்படியானால் உயரம் இழந்தவர்கள் கோட்டுக்குக் கீழே பதிவான 25 பேர் மட்டுமல்ல. கோட்டுக்கு மேலே இருப்பதால் கணக்கில் வராத மற்ற 75 பேரிலும் பெரும்பாலோர் தாம் எட்டியிருக்கக்கூடிய உயரத்துக்குக் குறைவாகவே வளர்ந்திருக்கிறார்கள்.